சும்மா ஒரு சாம்பிள்

மாசி, பங்குனி மாதங்களில் உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரைக்கும் ஒரே பெயின்ட் மணமாக இருக்கும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும். சித்திரைக்குப் பிறகு வெளிநாட்டுக்காரரும் தெற்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறவர்களும் இறங்கத் தொடங்குவார்கள். அதற்குள் விடுதிக்காரர் சுவர் பூச வேண்டும், பலகை மாட்ட வேண்டும், மெனு அடிக்க வேண்டும். மூன்று மொழி புழங்குகிற துறைமுக ஊர் என்பதால் எதை எழுதினாலும் மூன்று முறை எழுத வேண்டியிருக்கிறது. எழுதுகிற, மொழிபெயர்க்கிற, வடிவமைக்கிற பிள்ளைகளுக்கு அந்த வாரங்களில்தான் தொலைபேசி அடிக்கும். அதே வாரங்களில்தான் இந்தக் குறுஞ்செய்தியும் வரும்: “சும்மா ஒரு சாம்பிள் செய்து அனுப்புங்கோ, பார்த்துப்போட்டு ஓடர் தாறம்.”

என் தங்கையின் மகள் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்க்கிறவள். உள்துறைமுக வீதிப் பக்கம் கடலுணவுச் சாப்பாட்டுக் கடையும் திமிங்கிலம் பார்க்கும் படகுச் சவாரியும் சேர்த்துத் தொடங்குகிற ஒருவரிடமிருந்து அவளுக்கு அப்படியொரு செய்தி வந்திருந்தது. மெனுவின் முதல் இரண்டு பக்கம், படகில் ஏறுகிறவர்களுக்கான பாதுகாப்பு அறிவித்தல், இணையத்தளத்துக்கான வரவேற்புப் பந்தி, எல்லாம் இரண்டு மொழியிலும் வேண்டுமாம். “மாமா, ஓம் எண்டால் அரை நாள் போகும். இல்லையெண்டால் ஆள் போயிடும். என்ன சொல்லுறது?” என்று கேட்டாள். பிளேன்டீ ஊற்றி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன், ஏனென்றால் பதில் கொஞ்சம் நீளம். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் கையில் இருக்கிற தேநீரையே எடுத்துக்கொள்வோம். கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன்னால் தரகர்கள் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, வாங்குகிறவர்களுக்கு அனுப்புவார்கள். அவர்கள் ஊறவைத்து, உறிஞ்சி, துப்பி, விலையை மனதில் குறித்துக்கொண்டு வருவார்கள். மாதிரி கொடுக்காமல் தேயிலை விற்க முடியாது. அதற்கு யாரும் குறைபட்டுக்கொள்வதும் இல்லை. ஏனென்றால் தேயிலை ஏற்கெனவே பறித்து, வாட்டி, அரைத்து, மூட்டையில் கிடக்கிறது. அதில் ஒரு பிடி எடுத்தால் மூட்டை குறைவதில்லை, அந்தப் பிடியை வைத்து யாரும் கடை நடத்தவும் முடியாது. மொழிபெயர்ப்பில் அப்படி மூட்டையே இல்லை. மாதிரி கேட்கிற நேரத்தில்தான் பறிக்கவே தொடங்க வேண்டும். செய்து கொடுத்த பிறகு அது மாதிரியாக நிற்பதும் இல்லை. அந்த இரண்டு பக்க மெனுவை அவர் அன்றைக்கே அச்சகத்துக்கு அனுப்பலாம்.

ஆகவே கேட்டது சின்னதா பெரிதா என்று பார்ப்பதில் பயனில்லை. ‘நான் செய்து அனுப்புவதை அவர் அப்படியே பாவிக்கலாமா?’ என்பதுதான் பார்க்க வேண்டியது. பாவிக்க முடியாதென்றால் அது தேர்வு. மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு 200, 300 சொற்களில் ஒரு பந்தி கொடுத்துப் பரீட்சை வைப்பது வழக்கம். எல்லாருக்கும் ஒரே பந்திதான் போகும். அது யாருடைய வேலையும் இல்லை, விடையைத் திருத்துகிற ஆளும் அங்கே இருக்கிறார். அதைத் தயங்காமல் செய்யலாம். பாவிக்கலாம் என்றால் அது வேலை. அதற்குச் சாம்பிள் என்று பெயர் வைத்தாலும் வேலைதான்.

இந்த வித்தியாசத்தைச் செய்தியிலேயே கண்டுபிடிக்கலாம். கொடுத்த பகுதி நடுவில் தொடங்கி நடுவில் முடிகிறதா? அப்படியென்றால் முன்பகுதி வேறொருவரிடமும் பின்பகுதி இன்னொருவரிடமும் போயிருக்கக்கூடும். நீண்ட ஆவணத்தைத் துண்டு துண்டாக வெட்டி, விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டைப் ‘பரீட்சை’யாகக் கொடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டி எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய வித்தை. மாதிரிக்கு அவசரத் தவணை வைத்திருக்கிறாரா? பார்ப்பதற்கு மட்டும் என்றால் நாளைக் காலைக்குள் ஏன் வேண்டும்? எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் பிறகுதான் வரும்: அனுப்பிய மாதிரியில் ‘இந்த விலையை மாத்துங்கோ, இந்த ஐட்டத்தை எடுங்கோ’ என்று திருத்தம் கேட்பார். மாதிரிக்கு யாரும் திருத்தம் கேட்பதில்லை.

என் மருமகளுக்கு வந்தது எந்த வகை? கெட்ட எண்ணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்டதெல்லாம் நாளைக்கே சுவரில் ஒட்டக்கூடியவை. வேலைதான்.

இனி அந்த அரை நாளின் விலையைப் பார்ப்போம். கணக்குக்காக ஒரு சொல்லுக்கு 8 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வேலையும் இரண்டு மொழியையும் சேர்த்து 6,000 சொல், ஆக 48,000 ரூபா. கவனமாகச் செய்கிற ஒருவர் ஒரு நாளைக்கு 2,000 சொல் செய்வார். மூன்று நாள் வேலை, நாளுக்கு 16,000. அவர் கேட்ட மாதிரி 900 சொல். கிட்டத்தட்ட அரை நாள். சொல்லை எண்ணினால் அப்படி. உண்மையில் அந்த முதல் 900 சொல்தான் ஆக மினைக்கெட வைக்கும். மெனுவில் கணவாய் என்று எழுதியிருந்தால் ஆங்கிலத்தில் இரண்டு பெயரில் எதைப் போடுவது என்று சமையற்காரரைக் கேட்டுத்தான் தெரிய வேண்டும். அறக்குளா, விளைமீன், பாரை ஒவ்வொன்றுக்கும் சிங்களத்தில் மீன்சந்தையில் சொல்கிற பெயரைப் பிடிக்க வேண்டும். அகராதிப் பெயரைப் போட்டால் காலியிலிருந்து வருகிறவர் முழிப்பார். இந்தத் தேடலை முதல் இரண்டு பக்கத்திலேயே முடித்துவிட்டால் மிச்சம் தானாக ஓடும். மாதிரி என்று கொடுப்பது வேலையின் ஆகக் கடினமான துண்டைத்தான்.

மாதத்தில் நான்கு பேர் இப்படிக் கேட்டு, நான்கு பேருக்கும் அனுப்பி, ஒருவர் ஓடர் கொடுக்கிறார் என்று வையுங்கள். வராமல் போன மூன்று பேருக்கும் ஒன்றரை நாள் போய்விட்டது. வந்தவரும் “அந்த ரெண்டு பக்கம் முடிஞ்சுதே” என்று மீதி 5,100 சொல்லுக்குத்தான் காசு கொடுப்பார். 40,800 ரூபா. போன நாள் மொத்தம் நாலரை. நாளுக்கு 9,000 சொச்சம். 16,000 என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, கூலியைத் தானே பாதிக்குக் கிட்டக் குறைத்துக்கொண்டதை ஆண்டு முடிவில்கூடக் கண்டுபிடிக்கமாட்டாள். அந்த அரை நாள்களை எந்தப் பில்லிலும் யாரும் எழுதுவதில்லை.

சரி, செய்யப் போவதில்லை. அதை எப்படிச் சொல்வது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சிலர் “இப்ப கொஞ்சம் பிஸி” என்று எழுதுவார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து “பரவாயில்லை, ஆறுதலாச் செய்யுங்கோ” என்று வரும். அதற்குப் பிறகு என்ன சொல்வது? சிலர் ஒரு பிரசங்கமே எழுதுவார்கள்: உழைப்பின் மதிப்பு, தொழில் மரியாதை, கலைஞரைச் சுரண்டுதல். எழுதுகிறவருக்கு மனம் ஆறும், வாசிக்கிறவருக்கோ திட்டு வாங்கியதுபோல இருக்கும். அவர் மீன் கடை திறக்க ஓடித்திரிகிற மனிதர், சுரண்டல்காரர் அல்ல. இன்னும் சிலர் குற்ற உணர்ச்சியில், “சாம்பிள் செய்யேலாது, ஆனா விலையைக் குறைச்சுத் தாறன்” என்று கேளாமலே இறங்கிவிடுவார்கள். அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

மாதிரி கேட்கிறவருக்குள்ளே ஏதோ ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லக் கடமை உண்டு, வேலையைச் சும்மா செய்து கொடுக்கத்தான் கடமை இல்லை. இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால் பேச்சு அறுந்துபோகாது. அதனால் முதல் பதிலில் ‘இல்லை’ என்ற சொல்லே வரக்கூடாது, ஒரு கேள்விதான் வர வேண்டும். அவளை இப்படி எழுதச் சொன்னேன்:

“வணக்கம் ஐயா. அனுப்பின மெனுவையும் படகு அறிவித்தலையும் பார்த்தேன். மாதிரியில் முக்கியமாக எதைப் பார்க்க விரும்புகிறீர்கள்? சிங்களம் எப்படி வரும் என்பதையா, ஆங்கிலத்தையா, அல்லது எத்தனை நாளில் முடியும் என்பதையா? அதைச் சொன்னால் அதற்கேற்ற மாதிரி ஒன்றைக் காட்டலாம்.”

பதில் கொஞ்ச நேரத்தில் குரல் செய்தியாகவே வந்தது. போன வருடம் வேறு ஊரில் அவருடைய தம்பி ஒரு பலகை எழுதிப் போட்டிருக்கிறார். அதில் சிங்களம் பிழைத்து, வந்தவர்கள் படம் எடுத்துச் சிரித்திருக்கிறார்கள். “தங்கச்சி, எனக்கு இங்கிலீஷ் பயமில்லை. சிங்களம்தான்.” ஒரு கேள்வியில் விசயம் வெளியே வந்துவிட்டது. அவருடைய பயம் மெனுவைப் பற்றியதே அல்ல. தமிழ்ப் பிள்ளை எழுதுகிற சிங்களத்தைச் சிங்களவர் வாசித்தால் இயல்பாக இருக்குமா என்பதுதான். 900 சொல் செய்து அனுப்பியிருந்தாலும் அந்தப் பயம் தீர்ந்திருக்காது. அதைச் சரிபார்க்க அவருக்கே சிங்களம் போதாது. மாதிரி வந்திருக்கும், சந்தேகம் அப்படியே இருந்திருக்கும், அவர் மூன்றாம் ஆளைத் தேடியிருப்பார்.

அடுத்த பதில் அந்தப் பயத்துக்கே நேராகப் போனது. அவளுடைய சிங்களப் பிரதிகளை ஒரு சிங்கள ஆசிரியை வாசித்துத் திருத்துகிறார். அதற்கு அவள் தன் கூலியிலிருந்து காசு கொடுக்கிறாள். இவ்வளவு காலமும் அதை யாரிடமும் சொன்னதில்லை, தன் பலவீனத்தைக் காட்டுவதாக நினைத்தாளாம். எனக்கென்றால் அதுதான் அவளிடம் இருக்கிற ஆகப் பெரிய சான்றிதழ். முந்தைய வாடிக்கையாளர் ஒருவரிடம் அனுமதி வாங்கி, ஏற்கெனவே அச்சாகித் தொங்குகிற ஓர் அறிவித்தலின் படத்தையும் சேர்த்தாள். அனுமதி முக்கியம். ஒருவருடைய விலைப் பட்டியலை இன்னொருவருக்குக் காட்டுகிற ஆளிடம் யாரும் ஆவணம் கொடுக்கமாட்டார்கள். செய்தி இப்படிப் போனது:

“ஐயா, விளங்குது. என் சிங்களப் பிரதி ஒவ்வொன்றையும் சிங்கள ஆசிரியை ஒருவர் வாசித்துத் திருத்திய பிறகுதான் கொடுப்பேன். இத்துடன் நான் செய்த ஓர் அறிவித்தலை அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த சிங்கள நண்பர் ஒருவரிடம் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். புதிய வேலையை இலவச மாதிரியாகச் செய்வதில்லை. உங்கள் மெனுவிலேயே பார்க்க வேண்டும் என்றால் ஒரு பக்கத்தை, 250 சொல், 2,000 ரூபாவுக்குச் செய்து தரலாம். முழு வேலையும் தந்தால் அந்த 2,000 மொத்தத்தில் கழியும். எந்தப் பக்கத்தை முதலில் செய்யலாம்? வியாழக்கிழமைக்குள் சொன்னால் சனிக்கிழமை தந்துவிடுவேன்.”

இதில் ‘செய்வதில்லை’ என்கிற வரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொடக்கத்திலும் இல்லை, முடிவிலும் இல்லை, நடுவில் ஒரே வரி. மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. காரணம் சொன்னால் அந்தக் காரணத்தோடு பேரம் பேசலாம்; வழக்கம் என்று சொன்னால் பேச அதிகம் இல்லை. அதற்கு முன்னால் அவருடைய பயத்துக்குப் பதில் இருக்கிறது, பின்னால் விலையும் நாளும் போட்ட ஒரு வழி இருக்கிறது. கடைசியில் வருவது கேள்வி. கேள்வியில் முடிகிற செய்திக்கு மனிதர்கள் பதில் எழுதுவார்கள். “யோசித்துச் சொல்லுங்கோ” என்று முடித்தால் யோசிக்கப் போய்விடுவார்கள்.

சிங்கள நண்பரிடம் காட்டச் சொன்னதும் தற்செயல் இல்லை. சோதிக்கிற வேலையை அவர் கையிலேயே கொடுத்தாயிற்று. அதற்கு அவளுக்கு ஒரு நிமிடமும் செலவில்லை.

“மற்றாக்கள் சும்மா செய்து தருகினமே” என்று வருமே, அதற்கு என்ன என்று கேட்டாள். வரும், கட்டாயம் வரும். சண்டை வேண்டாம். “நல்லது ஐயா, அதையும் வாங்கிப் பாருங்கோ. ஒப்பிட வேணுமெண்டால் என்ர ஒரு பக்கம் சனிக்கிழமை தரலாம்” என்றால் போதும். மற்றவரை இழிவாகச் சொல்லவில்லை, விலையும் இறங்கவில்லை, சனிக்கிழமையும் அப்படியே நிற்கிறது.

பதிலே வராமல் போனால்? ஒரு வாரம் பொறுத்து ஒரு முறை மட்டும் எழுதலாம். “பார்த்தீங்களா?” என்று எழுதக் கூடாது. அவருக்குப் பயன்படுகிற ஒன்றைச் சொல்லி எழுத வேண்டும்: “சித்திரைப் புத்தாண்டுக்கு முன் அச்சகத்தில் நெரிசல், விடுமுறையில் பூட்டியும் விடுவார்கள். பலகை அதற்குள் வேண்டும் என்றால் எழுத்து பங்குனி நடுப்பகுதிக்குள் முடிய வேண்டும்.” உண்மையும் அதுதான். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். மூன்றாம் செய்தி அனுப்புகிறவரைப் பார்த்தால் வேலை இல்லாதவர் என்று தெரிந்துவிடும்.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. நேரே வருகிற வாடிக்கையாளர் குறைவு. யாரோ அண்ணர், யாரோ மச்சான் சொல்லித்தான் வருவார்கள். நடுவில் இருப்பவர் நல்ல மனதோடு, “அவள் செய்து தருவாள், சொந்தப் பிள்ளைதானே” என்று வாக்குக் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்ட இடத்தில் முதலில் பேச வேண்டியது அந்த அண்ணரிடம். “அண்ணை, என்னை நினைச்சுச் சொன்னதுக்கு நன்றி. விலை, சாம்பிள் விசயம் மட்டும் நானே அவரோட கதைக்கிறன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பிறகு வாடிக்கையாளருக்கு இல்லை என்கிறபோது அண்ணரின் முகம் கருகாது. உறவுக்காரருக்குச் சும்மா செய்யவே கூடாதா? செய்யலாம். ஆனால் முழுக் கூலியையும் பில்லில் எழுதி, கீழே ‘அன்பளிப்பு’ என்று கழித்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. விலை தெரிந்து வாங்கிய அன்பளிப்பை மனிதர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

காட்ட முந்தைய வேலையே இல்லாத புதியவர் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. அவருக்கும் மாதிரி தேவைதான். ஆனால் அதை யாருக்காகவும் இல்லாமல், தனக்காகச் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். கற்பனைக் கடை ஒன்றின் மெனு ஒரு பக்கம், கோணேசர் கோயிலுக்கும் சுவாமி மலைக்கும் வருகிறவர்களுக்கு ஒரு பக்க வழிகாட்டி, புறாமலைத் தீவுக்குப் போகிறவர்களுக்கு முருகைக்கல்லை மிதிக்க வேண்டாம் என்கிற அறிவித்தல். மூன்றையும் மூன்று மொழியில் செய்து, தெரிந்தவரைக் கொண்டு திருத்தி, தொலைபேசியில் வைத்திருந்தால் கேட்ட மறுநிமிடமே அனுப்பலாம். தேயிலைத் தரகர் வைத்திருப்பதுபோல ஏற்கெனவே ஆன மூட்டை அது. யாரும் தன் கடையில் ஒட்ட முடியாது, ஆனால் கை தெரியும்.

சட்டம் காக்காதா என்றும் அவள் கேட்டாள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுதியது எழுதிய உடனேயே பதிப்புரிமைப் பாதுகாப்புப் பெறுகிறது, பதிவு எதுவும் தேவையில்லை. மொழிபெயர்ப்பும் தனிப் படைப்பாகவே காக்கப்படுகிறது. ஆனால் அந்தச் சட்டம் காப்பது எழுதிய வடிவத்தை, எண்ணத்தை அல்ல. கடைக்கு நீங்கள் யோசித்துச் சொன்ன பெயரமைப்பையோ மெனுவை மீன் வகைப்படி பிரிக்கலாம் என்ற யோசனையையோ வேறொருவர் தன் சொற்களில் செய்தால் அது உங்களுடையது என்று பிடிக்க முடியாது. மாதிரியில் ஆக விலையுள்ளது பெரும்பாலும் அந்த யோசனைதான். இன்னொன்று, 900 சொல்லுக்கு வருகிற 7,200 ரூபாவுக்காக யார் அலைவார்கள்? சிறு பணத் தகராறு மத்தியஸ்த சபைக்குப் போகும். அங்கேயும் எழுத்தில் ஏதாவது இருந்தால்தான் பேச முடியும். அதனால் ஒரு பக்க வேலையென்றாலும், ‘முழுப் பணமும் கிடைத்த பிறகே பாவிக்கலாம்’ என்று செய்தியில் ஒரு வரி எழுதி, அவர் ‘ஓம்’ என்று பதில் போட்ட பிறகு தொடங்குவது நல்லது. வடிவமைக்கிற பிள்ளைகள் படத்தின் மேல் பெயரைக் குறுக்கே போட்டு அனுப்புவார்கள். எழுத்துக்கு அது உதவாது. யாரும் பார்த்துத் தட்டச்சு செய்துவிடுவார்கள்.

உலகத்தில் மாதிரி காட்ட மறுப்பதை ஆகத் துணிச்சலாகச் செய்தவர் என்று வடிவமைப்பாளர்கள் சொல்வது பால் ராண்டை. ஐபிஎம் நிறுவனத்தின் இலச்சினையை வரைந்தவர். 1986இல் ஸ்டீவ் ஜொப்ஸ் தன் புதிய நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு இலச்சினை கேட்டுப் போனார். சில தெரிவுகள் காட்டுவீர்களா என்று கேட்டதற்கு ராண்ட் மறுத்துவிட்டார். உங்கள் பிரச்சினையைத் தீர்த்துத் தருவேன், நீங்கள் காசு தருவீர்கள், பாவிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம், தெரிவுகள் வேண்டும் என்றால் வேறு ஆளிடம் போகலாம் என்ற கருத்தில் பேசியதாக ஜொப்ஸே பிறகு ஒரு நேர்காணலில் சொன்னார். கூலி 100,000 டொலர். இந்தக் கதையை எடுத்துக்கொண்டு உள்துறைமுக வீதியில் அப்படியே பேசினால் கடைக்காரர் வேறு ஆளிடம் போய்விடுவார் என்பது நிச்சயம். ராண்டுக்குப் பின்னால் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த பெயர் இருந்தது. நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது அதன் மறுபாதியை. அவர் ஒரே ஓர் இலச்சினைதான் கொடுத்தார். ஆனால் அதற்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று படிப்படியாக விளக்குகிற 100 பக்கப் புத்தகம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். மாதிரி காட்டாதவர் வழியைக் காட்டினார். என் மருமகள் ஆசிரியையைப் பற்றிச் சொன்னதும் அந்த வகைதான், 99 பக்கம் குறைவாக.

போட்டிகள் வேறு கதை. 2009இல் இந்திய நிதி அமைச்சு ரூபாவுக்குக் குறியீடு கேட்டுப் போட்டி வைத்தது. நுழைவதற்கே 500 ரூபா கட்டணம். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரைந்து அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமாரின் வடிவம் தெரிவாகி, அவருக்கு 2.5 லட்சம் கிடைத்தது. இறுதிச் சுற்றை எட்டாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு எதுவும் இல்லை. ஆனாலும் அங்கே பரிசு இவ்வளவு, கட்டணம் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதியிருந்தது, நுழைகிறவர் தெரிந்தே நுழைந்தார். “சாம்பிள் அனுப்புங்கோ, பிறகு பார்ப்பம்” என்பதில் பரிசும் எழுதவில்லை, எத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்றும் எழுதவில்லை. அப்படிச் சந்தேகமாக இருந்தால் நேரே கேட்கலாம்: “ஐயா, எத்தனை பேரிட்டக் கேட்டிருக்கிறீங்கள்?” மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள்.

கடலுணவுக் கடைக்காரர் வியாழக்கிழமைக்கு முதல் நாளே பேசினார். நண்பரிடம் காட்டியிருக்கிறார், நண்பர் ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொன்னாராம். மெனுவின் முதற்பக்கத்தைக் கேட்டார், 2,000 ரூபாவையும் போட்டார். முழு ஓடர் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. இணையத்தளப் பகுதியை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாமா என்று யோசிக்கிறார். அது நடக்காமலும் போகலாம். ஒரு பக்கத்துக்குக் காசு கொடுத்தவர் மிச்சத்தையும் கொடுப்பார் என்று உறுதி எதுவும் இல்லை. ஆனால் கொடுக்காவிட்டாலும் அவளுக்கு நட்டம் இல்லை.

இதை வாசிக்கிற விடுதிக்காரர், கடைக்காரர் யாராவது இருந்தால் உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல ஆளைக் கண்டுபிடிக்க மாதிரி பார்ப்பது உங்கள் உரிமை. மூன்று பேரிடம் ஒரே பக்கத்தைக் கொடுத்து, மூவருக்கும் 2,000 வீதம் கொடுத்துச் செய்து வாங்குங்கள். மொத்தம் 6,000 ரூபா. மூன்று பிரதியையும் பக்கத்தில் வைத்து, மொழி தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். சும்மா கேட்டால் வேலை இல்லாதவர்கள்தான் அனுப்புவார்கள். கையில் வேலை நிறைந்திருக்கிறவர்கள் அந்தச் செய்திக்குப் பதிலே போடுவதில்லை, அவர்களுடைய பிரதி உங்கள் மேசைக்கு வரவே வராது.